இருப்புச் செலவு எத்தனை சதவீதம்? கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோயம்புத்தூரில் சில மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் சரக்கு இருப்பு பற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். உதாரணங்கள் எல்லாம் ஒரே கடையுடையவை. அது மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் விற்கும் கடை. எண்களை மட்டும் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன்.

1. சரக்கு பாட்டுக்கு அலமாரியில சும்மா கிடக்குது. அதுக்கு என்னங்க செலவு?

நான்கு செலவு. சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி, வைக்கும் இடத்துக்கு வாடகை, தீ, திருட்டுக்கு இன்சூரன்ஸ், அப்புறம் துருப்பிடித்தும் உடைந்தும் மாடல் மாறியும் போகிற மதிப்பு. நான்கையும் சேர்த்ததுதான் இருப்புச் செலவு. பாடப் புத்தகங்களில் கேரியிங் காஸ்ட் என்று இருக்கும்.

இது கண்ணில் படாததற்குக் காரணம், லாப நஷ்டக் கணக்கில் இந்தப் பெயரில் ஒரு வரி கிடையாது. வட்டி பேங்க் வட்டியோடு கலந்துவிடும். வாடகை வாடகைக் கணக்கில் போகும். கெட்டுப்போன சரக்கோ இறுதி இருப்பு மதிப்பைக் குறைத்து எழுதும்போது மொத்த லாபத்தில் சத்தமில்லாமல் கழிந்துவிடும். நாமாகத் தேடி எடுத்துக் கூட்டினால்தான் தெரியும்.

2. ரூபாயில சொன்னா போதாதா? எதுக்கு சதவீதம்?

வருடத்துக்கு மொத்தம் இத்தனை ரூபாய் என்று தெரிந்தால் வருத்தப்படலாம், முடிவெடுக்க முடியாது. சேல்ஸ்மேன் முன்னால் நின்று "நூறுக்குப் பதில் ஐந்நூறு எடுங்க" என்கிறபோது, கூடுதலாக வரும் நானூறை வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு 20% என்று ஒரு எண் கையில் இருந்தால், ₹250 பொருளை ஒரு வருடம் வைத்திருக்க ₹50, ஒரு மாதம் வைத்திருக்க ₹4 சொச்சம் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டுவிடலாம்.

3. எந்த மதிப்புல சதவீதம்? விற்கிற விலையா, வாங்கின விலையா? மார்ச் 31 இருப்பை எடுத்துக்கலாமா?

வாங்கிய விலை. அதோடு கடை வாசல் வரை வந்த லாரி வாடகையைச் சேர்க்கலாம். விற்கிற விலை வேண்டாம், அதில் இருக்கும் லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. உள்ளீட்டு வரி வரவு எடுக்கிறவர்கள் ஜிஎஸ்டியையும் சேர்க்க வேண்டாம்.

மார்ச் 31 இருப்பை மட்டும் நம்பாதீர்கள். பம்ப் வியாபாரத்தில் கோடைக்காக ஏற்றி வைத்த சரக்கு அன்றைக்கு உச்சத்தில் இருக்கும். நம் உதாரணக் கடையில் மார்ச் கடைசியில் ₹74 லட்சம் இருந்தது, நவம்பரில் ₹48 லட்சம்தான். 12 மாத முடிவுகளையும் கூட்டி வகுத்தால் ₹60 லட்சம் வந்தது. இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

பேங்குக்கு மாதாமாதம் அனுப்பும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் இருந்து இந்த எண்களை எடுப்பது சுலபம். ஆனால் இருப்பை வைத்து பேங்க் எடுக்க விடும் கடன் அளவு, அதாவது டிராயிங் பவர், குறையக் கூடாது என்று அதில் இருப்பைக் கொஞ்சம் ஊதிக் காட்டும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அப்படியானால் அந்தத் தாளை வைத்து இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

4. நான் சொந்தப் பணத்துல வாங்கிப் போடறேன். எனக்கு ஏது வட்டி?

அந்தப் பணம் சரக்கில் முடங்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். நம் கடையில் இருப்பு ₹60 லட்சத்தில் ₹36 லட்சம் பேங்கில் தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டும் கடனான சிசி லிமிட்டில் இருந்து, வட்டி 10.5%. மீதி ₹24 லட்சம் உரிமையாளருடைய பணம். அதற்கு அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

அவருடைய பெரிய சப்ளையர் 10 நாளில் பணம் கட்டினால் 2% தள்ளுபடி தருகிறார், இல்லாவிட்டால் 60 நாளில் முழுப் பணம். கையில் பணம் இல்லாததால் இவர் எப்போதும் 60 நாளில்தான் கட்டுவார். ₹98 கட்டி முடிக்க வேண்டியதை 50 நாள் தள்ளிப்போட ₹2 கொடுக்கிறார். வருடத்துக்கு எடுத்தால் இது கிட்டத்தட்ட 15%. சரக்கில் கிடக்கும் பணம் வெளியே வந்தால் இந்தப் 15 சதவீதத்தை மிச்சம் பிடிக்கும். ஆகவே சொந்தப் பணத்துக்கு 15 என்று வைத்தோம். ஆறு பங்கு 10.5, நான்கு பங்கு 15, இரண்டும் கலந்து 12.3%.

சிசி லிமிட் முழுதும் தீர்ந்து இனி ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாத நிலையில் இருப்பவர், கலக்காமல் முழுக்கவே 15 போட்டுக்கொள்வது சரியாக இருக்கும். அவருக்கு அடுத்த ரூபாயின் விலை அதுதான்.

5. சப்ளையரே 60 நாள் கடன் தர்றாரு. சரக்கு அதுக்குள்ள வித்துடும். அப்ப வட்டி இல்லதானே?

உண்மையிலேயே 60 நாளுக்குள் விற்றுப் பணமும் வந்துவிட்டால், அந்தப் பொருளுக்கு வட்டிப் பகுதி இல்லை. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஆறு மாதச் சரக்கை எடுத்துவிட்டு 60 நாள் கடன் என்று சந்தோஷப்பட்டால், மீதி நான்கு மாதம் உங்கள் பணம்தான் கிடக்கிறது. கூடுதலாக எடுக்கும் சரக்கு எப்போதும் கடைசியில்தான் விற்கும், அதனால் கடன் நாளின் நிழல் அதன் மேல் படுவதே இல்லை. இன்னொன்று, அந்தக் கடனும் இலவசம் இல்லை. கைவிட்ட தள்ளுபடிதான் அதன் விலை, மேலே 4-ல் பார்த்தோம்.

சப்ளையர் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அவருக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, உறவு கெடும் என்பதால். ஆனாலும் 90 நாள் கடனை நம்பி ஆர்டர் அளவைத் தீர்மானிப்பது நல்லதல்ல.

6. குடோன் வாடகை சரக்கு இருந்தாலும் இல்லாட்டியும் கட்டணும். அதை ஏன் சேர்க்கணும்?

நியாயமான கேள்வி. இந்தச் சதவீதத்தில் அதிகம் தப்பு நடக்கும் இடமும் இதுதான். விதி இவ்வளவுதான்: இருப்பு குறைந்தால் குறையக்கூடிய செலவை மட்டும் சேர்க்க வேண்டும். கடைக்குப் பின்னால் இருக்கும் அறை கடையோடு சேர்ந்தது. பாதி காலியானாலும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. அதைச் சேர்க்கக் கூடாது. கல்லாவில் உட்காரும் ஆளின் சம்பளமும் அப்படியே.

ஆனால் அந்தக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு குடோன் மாதம் ₹12,000 வாடகைக்கு இருந்தது. அதில் இருக்கும் சரக்கைக் குறைத்தால் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடலாம். இது சேரும். வருடத்துக்கு ₹1,44,000, ₹60 லட்சத்தில் 2.4%.

கறாராகச் சொன்னால் வாடகை படிப்படியாகத்தான் மாறும். நூறு பேரிங் குறைந்தால் வாடகை குறையாது, குடோன் முழுதும் காலியானால்தான் குறையும். ஆகவே 2.4 என்பது ஒரு நீண்டகால சராசரி. இந்த மாதம் ஒரே ஒரு ஆர்டரைப் பற்றி யோசிக்கிறீர்கள், குடோனில் இடமும் தாராளமாக இருக்கிறது என்றால் இதை விட்டுவிட்டே கணக்குப் போடலாம். மாறாக, இந்த ஆர்டர் வந்தால் இன்னொரு ஷெட் பிடிக்க வேண்டும் என்றால், அந்த ஷெட் வாடகை முழுவதையும் இந்த ஆர்டர் தலையில் கட்டுங்கள்.

7. இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்?

சின்னது. ₹60 லட்சம் சரக்குக்குத் தீ, திருட்டு சேர்த்து ஆண்டு பிரீமியம் ₹15,000. அதாவது 0.25%. இதைக் குறைக்க நினைத்துச் சரக்கு மதிப்பைக் குறைத்துச் சொல்வதுதான் ஆபத்து. ₹60 லட்சம் இருக்கும்போது ₹40 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்து ₹15 லட்சத்துக்குச் சேதம் என்றால், அதே விகிதத்தில் குறைத்து ₹10 லட்சம்தான் கிடைக்கும். கோடையில் ₹74 லட்சம் ஏறுகிறது என்பதை ஏஜென்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

8. பழசாகிப் போறதை எப்படிங்க முன்கூட்டியே கணக்குப் போடறது? ஜோசியமா?

ஜோசியம் வேண்டாம், கடந்த மூன்று வருடக் குப்பையைப் பாருங்கள். அடிமாட்டு விலைக்குத் தள்ளியது, பழைய இரும்புக்குப் போட்டது, எண்ணிப் பார்த்தபோது காணாமல் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலைக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள்.

நம் கடையில் மாடல் மாறியதால் போனது மூன்று வருடத்தில் ₹1.9 லட்சம், ₹3.1 லட்சம், ₹2.2 லட்சம். சராசரி ₹2.4 லட்சம், இருப்பில் 4%. துரு, உடைசல், எண்ணிக்கைக் குறைவு சேர்த்து வருடம் சுமார் ₹60,000, அது 1%.

முதலில் உரிமையாளர் கொடுத்த எண் "வருஷம் ஐயாயிரம்கூட ஆகாதுங்க" என்பது. அவர் பொய் சொல்லவில்லை. விற்காத சரக்கை அவர் தள்ளியதே இல்லை, அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றியிருந்தார். புத்தகத்தில் வாங்கிய விலைக்கே ஒவ்வொரு வருடமும் எடுத்துச் செல்லப்பட்டது. அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இறுதி இருப்பு மதிப்பு என்பது கணக்கியல் விதி. அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் இந்த நஷ்டம் தானாகவே தெரிந்திருக்கும். மேல் தட்டில் தூசி எவ்வளவு கனம் என்று பார்த்துவிட்டுத்தான் நான் இந்தக் கேள்வியையே கேட்பேன்.

9. சரி, மொத்தம் எவ்வளவு?

வட்டி 12.3, இடம் 2.4, இன்சூரன்ஸ் 0.25, மாடல் மாற்றம் 4, சேதமும் குறைவும் 1. கூட்டினால் 19.95. நாங்கள் 20 என்று வைத்துக்கொண்டோம். ₹60 லட்சத்தில் 20% என்றால் வருடத்துக்கு ₹12 லட்சம், மாதம் ஒரு லட்சம். இந்தக் கணக்கைத் தொடங்குமுன் அவர் தன் இருப்புச் செலவு என்று நினைத்தது பேங்க் வட்டி மட்டும்தான்.

10. எல்லாரும் 25% போட்டுக்கன்னு சொல்றாங்களே?

புத்தகங்களில் அடிக்கடி வரும் எண் அது. இப்படிப் பொதுவான எண் வைத்துக்கொள்ளும் பழக்கம் பழையது. ஆர்டர் அளவுக்கான சூத்திரத்தை 1913-இல் முதலில் வெளியிட்ட அமெரிக்க எஞ்சினியர் ஃபோர்டு ஹாரிஸ், வட்டிக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்து 10% என்றே வைத்தார். இரும்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் ஒரே எண் பொருந்தாது. ஒரு மாலை உட்கார்ந்தால் சொந்த எண் கிடைத்துவிடும். அதுவரைக்கும் 25 இருக்கட்டும், பூஜ்யத்தைவிட அது எவ்வளவோ மேல்.

11. இந்த 20-ஐ வச்சு ஒரு தடவைக்கு எத்தனை பீஸ் ஆர்டர் போடணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அடிக்கடி கொஞ்சமாக வாங்கினால் இருப்புச் செலவு குறையும், ஆனால் ஒவ்வொரு தடவையும் லாரி பார்சல், இறக்குக்கூலி, சரிபார்ப்பு, பில் பதிவு என்று செலவு ஏறும். இரண்டும் சமமாகிற இடத்தில்தான் மொத்தம் மிகக் குறைவு. ஹாரிஸ் சூத்திரம் அந்த இடத்தைச் சொல்கிறது:

```
Q = √( 2 × D × S ÷ (i × C) )
```

D வருடத் தேவை, S ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு, i நம் சதவீதம், C ஒரு பீஸ் விலை. மெக்கானிக்கல் சீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடம் 1,200 பீஸ் போகிறது, விலை ₹250, ஒரு ஆர்டருக்கு ₹400 ஆகிறது. 2 × 1,200 × 400 என்பது 9,60,000. அதை 0.20 × 250, அதாவது 50 ஆல் வகுத்தால் 19,200. அதன் வர்க்கமூலம் சுமார் 139. பெட்டிக் கணக்குக்கு 140 என்று வைத்தால், ஆறு வாரத்துக்கு ஒரு ஆர்டர்.

அப்படி வாங்கினால் வருடத்துக்கு ஆர்டர் செலவு ₹3,429. சராசரி இருப்பு 70 பீஸ், அதற்கு ₹50 வீதம் ₹3,500. மொத்தம் ₹6,929. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 13-ல் வேண்டும்.

ஆர்டர் செலவிலும் 6-இல் சொன்ன அதே விதிதான். ஆர்டர் எண்ணிக்கை குறைந்தால் குறைகிற செலவை மட்டும் போடுங்கள்.

12. என் 20% தப்பா இருந்தா மொத்தக் கணக்கும் கவுந்துடாதா?

ஆர்டர் அளவைப் பொறுத்தவரை கவிழாது. உண்மை 20 ஆக இருக்கும்போது நீங்கள் 10 என்று தப்பாகப் போட்டால் சூத்திரம் 196 பீஸ் என்று சொல்லும். அந்தத் தப்பான அளவில் வாங்கினாலும் ஆகும் செலவு ₹7,349. சரியான அளவைவிட ₹420 கூடுதல், 6%. 30 என்று போட்டால் 113 பீஸ், செலவு ₹7,073. வித்தியாசம் ₹150-கூட இல்லை. வர்க்கமூலத்துக்குள் போவதால் தப்பு அமுங்கிவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர், அப்படியானால் இந்தச் சதவீதத்துக்காக மெனக்கெடுவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். தள்ளுபடி ஸ்கீம் வரும்போதுதான் அந்த அலட்சியம் காசைத் தின்கிறது. அங்கே வர்க்கமூலம் இல்லை, தப்பு அப்படியே ரூபாயாக இறங்கும்.

13. 600 பீஸா எடுத்தா 2% குறைச்சுத் தர்றேங்கறாரு. லாபம்தானே?

அதே சீல்தான். இப்போது வருடத்துக்குக் கொள்முதல் ₹3,00,000, கூடவே 11-ல் வந்த ₹6,929. மொத்தம் ₹3,06,929.

ஸ்கீமில் விலை ₹245, கொள்முதல் ₹2,94,000. வருடத்துக்கு இரண்டே ஆர்டர், ₹800. சராசரி இருப்பு 300 பீஸ், ஒன்றுக்கு ₹49 வீதம் ₹14,700. மொத்தம் ₹3,09,500. ஆறாயிரம் தள்ளுபடி வாங்கிக்கொண்டு ₹2,571 நஷ்டம்.

இப்போது பேங்க் வட்டி மட்டும்தான் செலவு என்று 10% வைத்து அதே கணக்கைப் போடுங்கள். ஸ்கீம் இல்லாமல், 10%-க்குச் சூத்திரம் சொன்ன 196 பீஸாக வாங்கினால் ₹3,04,899, ஸ்கீமில் ₹3,02,150. ₹2,749 லாபம் போலத் தெரியும். அந்தக் கடைக்காரர் வருடக்கணக்காக ஸ்கீம் சரக்கு எடுத்தது இந்தக் கணக்கை நம்பித்தான். அந்த ஸ்கீம் சரக்கால்தான் இரண்டாவது குடோனும் வந்தது.

அதற்காக ஸ்கீமே கூடாது என்றில்லை. 4% கொடுத்தால் விலை ₹240. கொள்முதல் ₹2,88,000, ஆர்டர் ₹800, இருப்பு ₹14,400, மொத்தம் ₹3,03,200. இது ₹3,729 லாபம், எடுக்கலாம். இந்தப் பொருளுக்கு, 600 பீஸுக்கு, எல்லைக்கோடு 2.8% அருகே இருக்கிறது. சேல்ஸ்மேனிடம் "மூணு பண்ணுங்க, பார்க்கலாம்" என்று சொல்ல இந்த எண் போதும்.

14. அடுத்த மாசம் விலை 5% ஏறுதாம். ஆறு மாசத்துக்கு வாங்கிப் போட்டுடட்டுமா?

மூன்று மாதத்துக்குப் போடுங்கள். வருடம் 20% என்றால் மாதம் 1.67%. இன்று வாங்கி மூன்றாம் மாதக் கடைசியில் விற்கும் பீஸுக்கு இருப்புச் செலவு 5%, மிச்சமாகும் விலையும் 5%. அதற்குமேல் வைத்திருக்கும் ஒவ்வொரு பீஸும் நஷ்டத்தில் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு வாங்கினால் முதல் மூன்று மாதச் சரக்கு சம்பாதித்ததை அடுத்த மூன்று மாதச் சரக்கு தின்றுவிடும். மொத்தத்தில் ஏறக்குறைய பூஜ்யம். ஆறு மாதமும் "பழைய விலைக்கு வாங்கியிருக்கோம்ல" என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். விலை ஏறும் சதவீதத்தை 1.67 ஆல் வகுத்தால் எத்தனை மாதத்துக்கு வாங்கலாம் என்பது வந்துவிடும். ஏறுவது உறுதியான செய்தியாக இருக்க வேண்டும். செம்பு விலையை நம்பி வைண்டிங் ஒயர் வாங்கிப் போடுவது வேறு விளையாட்டு, அது இறங்கவும் செய்யும்.

15. பேரிங்குக்கும் பிவிசி பைப்புக்கும் ஒரே 20 தானா?

இல்லை. வட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இடமும் பழசாவதும்தான் பொருளுக்குப் பொருள் மாறும்.

அந்த வாடகைக் குடோனில் ஐந்தில் நான்கு பங்கு இடத்தை அடைத்திருந்தது போர்வெல் பைப். அதன் மதிப்போ ₹8 லட்சம்தான். வாடகையில் அதன் பங்கு ₹1,15,200, அதாவது மதிப்பில் 14.4%. வட்டி, இன்சூரன்ஸ், உடைசல் 1% சேர்த்தால் பைப்புக்கு 28% வருகிறது. பேரிங் எதிர்ப்பக்கம். ஒரு தட்டில் லட்ச ரூபாய்ச் சரக்கு அடங்கும், மாடல் மாறுவது அபூர்வம். 14% போதும். கண்ட்ரோல் பேனலுக்குள் வரும் எலக்ட்ரானிக் போர்டு மூன்றாவது வகை. கம்பெனி இரண்டு மூன்று வருடத்தில் டிசைனை மாற்றிவிடும். 8-இல் சொன்ன மாடல் மாற்ற நஷ்டத்தில் பெரும்பகுதி இந்தப் போர்டுகளால் வந்தது. அந்த வகைக்கு மட்டும் தனியாகப் பார்த்தபோது வருடம் சுமார் 20% போயிருந்தது. ஆக 33%.

இப்படி மூன்று வகையாகப் பிரித்தாலே போதும். ஐந்நூறு பொருளுக்கு ஐந்நூறு சதவீதம் போட முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பாதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பிரித்ததும் நடைமுறையில் வந்த மாற்றம் இது: பேரிங்கில் ஸ்கீம் எடுக்கலாம், பைப்பை வாரம் ஒரு முறை டீலரிடம் இருந்து இறக்கலாம், போர்டில் எந்த ஸ்கீமும் வேண்டாம்.

16. ஸ்டாக் இல்லேன்னு கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிட்டா அது நஷ்டம் இல்லையா?

நஷ்டம்தான். அதையும் இதே சதவீதத்தோடு ஒப்பிடலாம். சீலில் அவசரத்துக்கென்று 30 பீஸ் கூடுதலாக வைத்தால் வருடத்துக்கு ₹1,500. ஒரு பீஸில் லாபம் ₹60 என்றால், வருடத்தில் 25 பேர் திரும்பிப் போகாமல் இருந்தாலே அந்தச் செலவு ஈடாகிவிடும். 1,200 பீஸ் போகும் பொருளில் அது நடக்கும். வைக்கலாம்.

₹6,000 போர்டில் ஒன்று கூடுதலாக வைக்க வருடத்துக்கு ₹2,000 ஆகிறது. அதில் லாபம் ₹900. அந்த ஒரே போர்டு வருடத்தில் மூன்று தடவையாவது இழக்கவிருந்த விற்பனையைக் காப்பாற்ற வேண்டும். அவரிடம் ஒரு மாடலில் ஏழு போர்டு இருந்தது, வருடத்துக்கு நான்கு விற்கும்.

17. அஞ்சு வருஷமா கிடக்குற சரக்கு. வாங்கின விலை 80,000, ஒருத்தர் 50,000-க்குக் கேட்கறாரு. நஷ்டத்துக்கு எப்படிங்க விற்கறது?

80,000 போய்விட்டது. இன்றைக்கு அது ₹50,000 சரக்கு, இருப்புச் செலவையும் 50,000-இன் மேல்தான் போட வேண்டும். புத்தகத்தில் இருக்கும் விலையின் மேல் போட்டால் கணக்கு பயமுறுத்தும், ஆனால் தப்பு. வட்டி, இடம், இன்சூரன்ஸ் மட்டும் சேர்த்து 15%. இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தால் ₹7,500 செலவு. அடுத்த வருடம் யாராவது ₹57,500-க்குக் கேட்பார்கள் என்று உறுதியாகத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல் போர்டுக்கு அடுத்த வருடம் ₹50,000-ஏ கிடைக்காது என்பதுதான் வழக்கம்.

ஜிஎஸ்டி பக்கமும் ஒன்று உண்டு. விற்காமல் "இது தேறாது" என்று கணக்கில் இருந்து தள்ளி எழுதினாலோ அழித்தாலோ, வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)(h) அப்படிச் சொல்கிறது. 18% வரியில் வாங்கிய ₹80,000 சரக்கு என்றால் ₹14,400. வாங்கிய விலைக்குக் கீழே உண்மையாக விற்றுப் பில் போட்டால் அந்த வரவு கையைவிட்டுப் போகாது, விற்ற ₹50,000-க்கு வரி வசூலித்துக் கட்டினால் போதும். நம் கடைக்காரர் மூன்று நாள் யோசித்துவிட்டு ₹52,000-க்குப் பேசி முடித்தார்.